95,404: ஒரே எண், நான்கு கேள்விகள்



இந்த வார எபிசோடில் சார்ட்களைப் பற்றிப் பேசினோம். ஆனால் சார்ட்டைக் காதால் கேட்க முடியாதே! அதனால் எபிசோடில் சொல்ல முடியாமல் போனதை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

எக்ஸெலில் ஒரு டேபிளை செலக்ட் பண்ணி Insert பட்டனை அழுத்தினால் சார்ட் வகைகள் வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலும் நாம் எது அழகாக இருக்கிறதோ அதை எடுத்துவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு வகையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான பதில். எது பெரியது, மொத்தத்தில் எவ்வளவு பங்கு, எப்படிப் பரவியிருக்கிறது, எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று கேள்விகள் நான்கு. கேள்வி மாறினால் படமும் மாறவேண்டும்.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 10-ஆம் தேதி நடந்த ஆஸ்திரேலிய சென்சஸில், வீட்டில் தமிழ் பேசுவதாக 95,404 பேர் பதிவாகியிருக்கிறார்கள்.

சிட்னியிலோ மெல்பர்னிலோ ஒரு தமிழ்ச் சங்கம் உள்ளூர் கவுன்சிலுக்கு மனு எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூலகத்தில் கூடுதல் தமிழ்ப் புத்தகங்கள் வேண்டும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குக் குறைந்த வாடகையில் ஹால் வேண்டும் என்று கேட்கிறார்கள். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால், "தம்பி, நாலு சார்ட் போட்டுக் கொடுங்க" என்று வேலை உங்கள் தலையில் விழுகிறது. கவுன்சிலில் அதைப் படிக்கிறவர் இதே சென்சஸைத் தினமும் பார்க்கிறவர். தப்பான படம் போட்டால் முதல் பக்கத்திலேயே மனு நம்பிக்கையை இழந்துவிடும்.

ஒன்று: கூடியிருக்கிறோமா?

இது ஒப்பிடும் கேள்வி. கையில் இருக்கும் எண்கள் மூன்று. 2011-இல் 50,151. 2016-இல் 73,161. 2021-இல் 95,404.

மூன்று பார் போட்டால் போதும். ஆனால் பார் சார்ட்டுக்கு மீறக்கூடாத ஒரு விதி உண்டு. அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும், ஏனென்றால் நம் கண் பாரின் நீளத்தைத்தான் எண்ணாகப் படிக்கிறது. மனு கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று அச்சை 70,000-இல் தொடங்கினால் என்ன ஆகும்? 2016-இன் பார் 3,161 அளவு உயரம். 2021-இன் பார் 25,404 அளவு உயரம். ஐந்து வருடத்தில் தமிழர்கள் எட்டு மடங்கு ஆனதுபோல் தெரியும். உண்மையில் கூடியது 1.3 மடங்கு. எண் எதுவும் பொய்யில்லை, படம் மட்டும் பொய் சொல்கிறது.

லைன் சார்ட்டுக்கு இந்த விதி அவ்வளவு கடுமையில்லை. அங்கே கண் நீளத்தைப் பார்ப்பதில்லை, கோட்டின் சாய்வைப் பார்க்கிறது. மூன்று சென்சஸுக்கும் இடையே சரியாக ஐந்தைந்து வருடம் என்பதால் இங்கே லைன் சார்ட்டும் பொருந்தும்.

இப்போது ஒரு சுவாரசியமான விஷயம். முதல் ஐந்து வருடத்தில் கூடியவர்கள் 23,010 பேர். அடுத்த ஐந்து வருடத்தில் 22,243 பேர். கிட்டத்தட்ட ஒரே அளவு, கோடு ஏறக்குறைய நேராகப் போகும். இதையே சதவீதமாகப் போட்டால் முதல் பார் 45.9%, இரண்டாவது பார் 30.4%. "தமிழர் வளர்ச்சி சரிகிறது" என்று தலைப்பு வைக்கலாம் போலிருக்கும்.

இரண்டும் உண்மைதான். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில். சதவீதம் சொல்வது, ஏற்கெனவே இருந்த அளவோடு பார்த்தால் எவ்வளவு வேகம் என்பதை. அடித்தளம் பெரிதாகப் பெரிதாக, அதே 22,000 பேர் சேர்ந்தாலும் சதவீதம் குறைந்துகொண்டேதான் போகும். நூலகத்துக்கு வேண்டியது புதிதாக எத்தனை வாசகர்கள் வரக்கூடும் என்பது, அதாவது ஆட்களின் எண்ணிக்கை. ஆகவே நம் மனுவுக்கு முதல் படம்தான் சரி.

வேறு மொழிகளோடு ஒப்பிட வேண்டும் என்றால் பார்களைப் படுக்கையாகப் போடுங்கள், பெரியது மேலே, சிறியது கீழே. மாண்டரின் 685,274, அரபு 367,159, வியட்நாமியம் 320,758, கண்டோனீஸ் 295,281, பஞ்சாபி 239,033, பிறகு தமிழ். இடையில் இன்னும் பல மொழிகள் இருக்கின்றன, அவற்றை விட்டிருந்தால் அதைப் படத்திலேயே எழுதிவிட வேண்டும். படுக்கைப் பாரில் இன்னொரு வசதியும் உண்டு. மொழிப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது நீளமாகிவிடும். நின்ற பாருக்குக் கீழே அவை சரிந்து, கழுத்தைத் திருப்பிப் படிக்கவேண்டி வரும்.

இரண்டு: மொத்தத்தில் நாம் எவ்வளவு?

"பங்கு என்றால் பை சார்ட்" என்று எல்லாருக்கும் மனப்பாடம். போட்டுப் பார்க்கலாம். 2021-இல் எண்ணப்பட்ட மொத்த மக்கள் 25,422,788 பேர். அதில் 95,404 என்பது 0.375%. வட்டத்தில் 360 டிகிரி, நம் துண்டுக்குக் கிடைப்பது 1.35 டிகிரி. ஒரு முடி அகலம். அதைப் பார்க்கிற கவுன்சிலர் "இவ்வளவுதானா?" என்றுதான் நினைப்பார். இங்கே படமே வேண்டாம், ஒரு வாக்கியம் போதும்.

பை சார்ட் உதவும் இடமும் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் 72.0%. வேறொரு மொழி பேசுகிறவர்கள் 22.3%. மீதி சுமார் 5.7% பேரிடமிருந்து தெளிவான பதில் இல்லை. மூன்றே துண்டு, ஒன்று மிகப் பெரியது, எல்லாம் சேர்ந்தால் 100. "கிட்டத்தட்ட முக்கால் பங்கு" என்பது ஒரு பார்வையில் புரியும். அந்த 5.7% துண்டைத் தூக்கிவிடாதீர்கள். அதை எடுத்தால் மற்ற இரண்டும் தானாகப் பெருத்துவிடும்.

துண்டுகள் கூடினால் பை சார்ட் திணறும். வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஒரே அளவுகோலில் எது எங்கே நிற்கிறது என்பதை மனிதர்கள் நன்றாகக் கணிக்கிறார்கள். கோணத்தைக் கணிப்பதில் அவ்வளவு தேர்ச்சி இல்லை. 17-ஆ 19-ஆ என்பது பாரில் தெரியும், துண்டில் தெரியாது.

ஆனால் துண்டுகளை எண்ணுவதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒரு ஆள் ஒரே துண்டில்தான் இருக்கிறாரா?

சென்சஸில் இதற்கு அருமையான ஜோடி உதாரணம் இருக்கிறது. வீட்டில் பேசும் மொழிக்கு ஒருவர் ஒன்றைத்தான் குறிக்க முடியும். ஆகவே எல்லா மொழிகளையும், தெளிவான பதில் இல்லாதவர்களையும் கூட்டினால் மொத்த மக்கள்தொகை வரும். ஆனால் பூர்வீகம் பற்றிய கேள்விக்கு இரண்டு பதில் வரை கொடுக்கலாம். ஒருவரே தமிழ் என்றும் ஆஸ்திரேலியன் என்றும் எழுதலாம், இங்கே பிறந்த உங்களில் சிலர் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். 2021-இல் முதலில் வந்தவை இங்கிலீஷ் 33.0%, ஆஸ்திரேலியன் 29.9%, ஐரிஷ் 9.5%, ஸ்காட்டிஷ் 8.6%, சைனீஸ் 5.5%. இந்த ஐந்திலேயே 86.5 ஆகிவிட்டது. மற்ற எல்லாப் பூர்வீகங்களையும் சேர்த்தால் 100-ஐத் தாண்டும்.

இதை பை சார்ட்டில் போட்டால் எக்ஸெல் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. வந்த மொத்தத்தையே முழு வட்டமாக்கிவிடும். 100 பேரில் 30 பேர் இரண்டு பதில் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 130 பதில்கள். 33 பேர் சொன்ன ஒரு பூர்வீகம் வட்டத்தில் 33% துண்டாக வராது, 33-ஐ 130-ஆல் வகுத்து 25.4% ஆகச் சுருங்கும். படம் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் அது ஆட்களின் பங்கைக் காட்டவில்லை, பதில்களின் பங்கைக் காட்டுகிறது.

ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு எப்போதும் பார்தான். ஒவ்வொரு பாரும் "100 பேரில் இத்தனை பேர் இதைச் சொன்னார்கள்" என்று தனித்தனியாக நிற்கும். படத்துக்குக் கீழே "ஒருவர் இரண்டு பதில் சொல்லலாம், மொத்தம் 100-ஐத் தாண்டும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வியின் இந்த அமைப்பு இன்னொன்றையும் சொல்கிறது. 95,404 என்பது ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழர்களின் எண்ணிக்கை அல்ல. வீட்டில் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் தமிழ்க் குடும்பம் இதில் வராது. மனுவில் "95,404 தமிழர்கள்" என்று எழுதினால் தப்பு, "வீட்டில் தமிழ் பேசும் 95,404 பேர்" என்பதே சரி.

மூன்று: எப்படிப் பரவியிருக்கிறது?

ஹால் வாடகையில் சலுகை கேட்கும்போது கவுன்சில் திருப்பிக் கேட்கலாம்: "உங்க ஆட்கள் எல்லாரும் ஐடியில் நல்லாச் சம்பாதிக்கிறவங்க இல்லையா?" இதற்கு ஒரு சராசரியைக் காட்டினால் பதிலாகாது. ஸ்கில்டு விசாவில் வந்த இன்ஜினியரும், படகில் வந்து பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவரும் ஒரே சமூகம். இருவருக்கும் சராசரி போட்டால், இருவருக்கும் பொருந்தாத ஒரு நடு எண்தான் கிடைக்கும். இங்கே கேள்வி பரவல் பற்றியது, அதற்கான படம் ஹிஸ்டோகிராம்.

பார் சார்ட்டும் ஹிஸ்டோகிராமும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் கீழ் அச்சில். பார் சார்ட்டில் கீழே பெயர்கள், எந்த வரிசையிலும் அடுக்கலாம். ஹிஸ்டோகிராமில் கீழே ஓர் எண்கோடு, அதன் வரிசையையும் மாற்ற முடியாது, இடைவெளியையும் மாற்ற முடியாது.

சென்சஸ் வருமானத்தை வைத்து ஹிஸ்டோகிராம் போடும்போது ஒரு குழி இருக்கிறது. வார வருமானம் தனித்தனி எண்ணாகக் கிடைக்காது, படிநிலைகளாகக் கிடைக்கும். அந்தப் படிநிலைகள் ஒரே அகலம் இல்லை. $1,500 முதல் $1,749 வரை ஒன்று, $1,750 முதல் $1,999 வரை அடுத்தது. அதற்கடுத்தது $2,000 முதல் $2,999 வரை. அகலம் 250-இலிருந்து திடீரென்று 1,000 ஆகிறது. பிறகு $3,000 முதல் $3,499 வரை, அகலம் 500. கடைசிப் படி $3,500-க்கு மேல், அதற்கு முடிவே இல்லை.

கற்பனையாகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். முதல் நான்கு படிகளில் முறையே 90, 80, 200, 60 பேர். இதை அப்படியே பாராகப் போட்டால் $2,000-இல் ஒரு மலை எழும்பும். "பாருங்க, பாதிப் பேர் பணக்காரங்க" என்று ஒருவர் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மலை எழும்பியதற்குக் காரணம் படி நான்கு மடங்கு அகலமாக இருப்பதுதான். எல்லாவற்றையும் ஒரே $250 அளவுக்குக் கொண்டுவந்தால்:

```
per_250 = count / width * 250

1500-1749:   90 /  250 * 250 = 90
1750-1999:   80 /  250 * 250 = 80
2000-2999:  200 / 1000 * 250 = 50
3000-3499:   60 /  500 * 250 = 30
```

90, 80, 50, 30. மலை காணாமல் போய், மெதுவாக இறங்கும் சரிவு தெரிகிறது. ஹிஸ்டோகிராமில் ஆட்களைக் காட்டவேண்டியது பாரின் பரப்பளவு. எல்லாப் படியும் ஒரே அகலமாக இருந்தால் உயரத்தைப் பார்த்தாலே போதும், அகலம் மாறினால் உயரத்தை இப்படித் திருத்தியாக வேண்டும். கடைசிப் படிக்கு அகலமே இல்லாததால் அதைத் திருத்த முடியாது. அதில் எத்தனை பேர் என்று பக்கத்தில் எழுத்தில் சொல்லிவிடுவதே நேர்மை.

ஒரே எண்ணாகச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் சராசரியை விட்டு நடுவெண்ணைச் சொல்லுங்கள். மேல் நுனியில் இருக்கும் சில பெரிய சம்பளங்கள் அதை இழுக்காது. 2021-இல் ஆஸ்திரேலியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வார வருமான நடுவெண் $805. உங்கள் பகுதியின் பரவலை வரைந்து, இந்த $805-இல் ஒரு செங்குத்துக் கோடு போட்டால், கோட்டுக்கு இடதுபக்கம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கவுன்சிலுக்கே தெரியும்.

நான்கு: எது எதோடு சேர்ந்து மாறுகிறது?

இப்போது யாராவது ஒருவர் கேட்பார்: "தமிழ் பேசுறவங்க அதிகமா இருக்கிற சபர்ப்ல வருமானம் கூடவா, குறைவா?" இது உறவு பற்றிய கேள்வி. ஸ்கேட்டர் பிளாட் போடுவோம். கீழ் அச்சில் தமிழ் பேசுகிறவர்களின் சதவீதம், நின்ற அச்சில் வருமான நடுவெண், ஒரு சபர்புக்கு ஒரு புள்ளி. வெண்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், டூங்காபி, டண்டினோங் எல்லாம் புள்ளிகளாக நிற்கும்.

புள்ளிகள் மேல்நோக்கிப் போனால் "தமிழர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள்" என்று எழுதலாமா? கூடாது. புள்ளி என்பது ஊர், ஆள் அல்ல.

இதற்கு 1950-இல் வந்த ஒரு பிரபலமான கட்டுரை இருக்கிறது. டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930-இன் அமெரிக்க சென்சஸை எடுத்தார். மாநிலம் மாநிலமாகப் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக இருக்கும் மாநிலங்களில் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் குறைவாக இருந்தார்கள். ஒட்டுறவு எண் -0.526. அப்படியானால் குடியேறிகள் நன்றாகப் படித்தவர்களா? அதே சென்சஸில் ஆள் ஆளாகப் பார்த்தபோது எண் +0.118 ஆனது. வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் எழுத்தறிவு சற்றுக் குறைவு. அடையாளமே தலைகீழாகிவிட்டது. காரணம் எளிமையானது. உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில் போய்த்தான் குடியேறிகள் தங்கினார்கள்.

நம் சபர்ப்களிலும் இதே நடக்கலாம். ரயில் நிலையமும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்கிற இடத்தில் பல சமூகத்தாரும் நல்ல வேலைக்காரர்களும் சேர்ந்து குடியிருப்பார்கள். அங்கே வருமானம் கூடுவது யாரால் என்று ஸ்கேட்டர் பிளாட் சொல்லாது.

இன்னொரு எச்சரிக்கை. தனிமனிதரை அடையாளம் காண முடியாதபடி, சென்சஸ் அலுவலகம் டேபிளில் இருக்கும் எண்களைச் சிறிதளவு வேண்டுமென்றே மாற்றித்தான் வெளியிடுகிறது. பெரிய எண்ணில் அது தெரியாது. ஒரு சபர்பில் தமிழ் பேசுகிறவர்கள் 6, பக்கத்தில் 9 என்றால், அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லாமல் இருக்கலாம். படத்தின் இடது ஓரத்தில் துள்ளும் சிறிய புள்ளிகளை வைத்துக் கதை கட்டாதீர்கள்.

ஆட்களைப் பற்றிய கேள்விக்கு ஆட்களின் டேபிள்தான் வேண்டும். சென்சஸ் அலுவலகத்தின் இலவச TableBuilder-இல் பதிவு செய்துகொண்டால், மொழிக்கான `LANP`-ஐ ஒரு பக்கமும் வருமானத்துக்கான `INCP`-ஐ மறுபக்கமும் வைத்து நேரடியாக டேபிள் எடுக்கலாம். எடுத்தவுடன் ஒன்று புரியும். இங்கே ஒரு பக்கம் இருப்பது மொழி, அதாவது பெயர். ஸ்கேட்டர் பிளாட்டுக்கு இரண்டு பக்கமும் எண் வேண்டும். ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு ஹிஸ்டோகிராம்கள், ஒன்றின் கீழ் ஒன்று, ஒரே அளவுகோலில். "உறவு" என்று ஆரம்பித்த கேள்வி, உண்மையில் இரண்டு பரவல்களை ஒப்பிடும் கேள்வியாக இருந்திருக்கிறது.

சார்ட்டுக்கு முன் ஒரு வாக்கியம்

இதனால்தான் நான் Insert பட்டனுக்குப் போவதற்கு முன் கேள்வியை ஒரு முழு வாக்கியமாக எழுதிக்கொள்கிறேன். "தமிழர் வருமானம்" என்பது கேள்வி அல்ல, தலைப்பு. "வீட்டில் தமிழ் பேசுகிறவர்களில் எத்தனை பேர் வாரம் $805-க்குக் கீழே வாங்குகிறார்கள்?" என்பது கேள்வி. எழுதி முடித்ததும் அதில் "எது கூட" இருக்கிறதா, "எத்தனை பங்கு" இருக்கிறதா, "எப்படிப் பரவி" இருக்கிறதா, "சேர்ந்து மாறுமா" இருக்கிறதா என்று பார்த்தால் படம் தானாகத் தேர்வாகிவிடும். இரண்டு சேர்ந்து இருந்தால் இரண்டு படம் போடுங்கள்.

அந்த மனுவை நான் போட்டுக்கொடுப்பதாக இருந்தால் இப்படித்தான் போடுவேன். முதலில் மூன்று சென்சஸுக்கான மூன்று பார், பூஜ்யத்திலிருந்து. பிறகு கவுன்சில் எல்லைக்குள் தமிழ் எத்தனையாவது மொழி என்று காட்டும் படுக்கைப் பார். கடைசியாக $805 கோட்டோடு திருத்திய ஹிஸ்டோகிராம். பை சார்ட் இல்லை, ஸ்கேட்டர் பிளாட்டும் இல்லை. நாம் கேட்கும் எதற்கும் அவை பதில் சொல்லவில்லை.

உங்கள் சபர்புக்கு இதைச் செய்து பார்க்க நினைத்தால் `LANP`-இல் தொடங்குங்கள். பூர்வீகத்துக்கான `ANCP`-ஐ எடுக்கும்போது மட்டும், வட்டம் போடுவதற்கு முன் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஆட்களின் எண்ணிக்கையைத் தாண்டினால், உங்களுக்கு வேண்டியது பார்.